வேகாத அரிசி திரும்பும், வெந்த சோறு திரும்பாது

கல்யாண மண்டபத்தில் அடுத்த பந்திக்கு மேசை தயாராகும்போது ஒரு தடவை ஓரமாக நின்று கவனியுங்கள். நீளமான தாள் விரிக்கிறார்கள், இலை போடுகிறார்கள், தண்ணீர்ப் பாட்டில் வைக்கிறார்கள். அதன் பிறகு ஒருவரும் உட்காருவதற்கு முன்பே பரிமாறத் தொடங்கிவிடுகிறார்கள். உப்பு, ஊறுகாய், இரண்டு இனிப்பு, தயிர்ப்பச்சடி, கோசுமல்லி, பொரியல், கூட்டு, அவியல், உருளைக்கிழங்கு ரோஸ்ட், வடை, சிப்ஸ், ஒரு கை கலவை சாதம். இருபது நிமிடத்தில் ஒரு பந்தியை எழுப்பி அடுத்ததை உட்கார வைக்கவேண்டும் என்பதால் இப்படி ஒரு ஏற்பாடு. யார் வந்து உட்காரப்போகிறார் என்று இலைக்குத் தெரியாது. அறுபது வயதுச் சர்க்கரை நோயாளிக்கும் இரண்டு இனிப்பு, அம்மாவின் பக்கத்தில் உட்காரும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் அதே முழு இலை. அந்தக் குழந்தை அப்பளத்தை உடைத்து விளையாடும், இனிப்பில் ஒரு கடி கடிக்கும், ஐஸ்கிரீம் எங்கே என்று கேட்கும். மிச்சம் எல்லாம் தாளோடு சுருட்டப்பட்டு பின்வாசல் தொட்டிக்குப் போகிறது.

அந்தக் குழந்தையை யாரும் குறை சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல அதற்கு வாய்ப்பே தரப்படவில்லை. பெரியவர்களுக்கும்தான். ஆகவே உணவு வீணாவதைப் பற்றிப் பேசும்போது, இலையில் மிச்சம் வைக்கிறவரை மட்டும் திட்டிவிட்டுக் கிளம்புகிற வழக்கத்தை முதலில் விடுவோம். தப்பு அதற்கு முன்பே, மண்டபத்தில் அல்ல, கல்யாண வீட்டுக்காரரும் சமையல் கான்ட்ராக்டரும் உட்கார்ந்து பேசிய அந்த அரை மணி நேரத்தில் நடந்து முடிந்துவிடுகிறது.

எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 800 இலைக்கு ஒப்பந்தம், இலைக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 800 இலைக்குக் குறைந்தாலும் 800க்கான பணம் உண்டு என்பது நிபந்தனை. கான்ட்ராக்டர் பத்து சதவீதம் கூட்டி 880 பேருக்குச் சமைப்பார். பல வகை உள்ள விருந்தில் தலைக்கு 120 கிராம் அரிசி என்றால் 105 கிலோ அரிசி உலையில் விழும். அன்றைக்கு வந்து சாப்பிட்டவர்கள் 610 பேர். அவர்களுக்கு 73 கிலோ அரிசி போதும். மீதி 32 கிலோ, வெந்த பிறகு ஏறக்குறைய 80 கிலோ சோறு. அதற்கு ஈடான சாம்பார், கூட்டு, பொரியல், பாயசம் எல்லாம் அண்டாக்களில் நிற்கிறது. இருநூறு பேர் வயிறாரச் சாப்பிடலாம். சாப்பிட வராத 190 பேருக்காகக் கல்யாண வீடு கொடுக்கும் பணம் 57,000 ரூபாய். இலையில் மிச்சமானது இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

800 என்ற எண் எங்கிருந்து வந்தது? ‘வருகிறீர்களா’ என்று கேட்டு எண்ணும் வழக்கம் நம்மிடம் கிடையாது. ‘குடும்பத்தோடு வந்துடுங்க’ என்று சொல்லிப் பத்திரிகை கொடுக்கிறோம். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். வளர்பிறை முகூர்த்த நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு பத்திரிகை வந்திருக்கும். வருகிறவர் ஒரு மண்டபத்தில் மொய் எழுதிவிட்டு, இன்னொரு மண்டபத்தில் தலையைக் காட்டிவிட்டு, மூன்றாவதில்தான் கை நனைப்பார். முதல்நாள் இரவு வரவேற்புக்கு வந்தவர் மறுநாள் முகூர்த்தத்துக்கு வரமாட்டார். ஆனால் மூன்று வீட்டிலும் இரண்டு வேளையும் அவர் பெயருக்கு உலை வைத்திருப்பார்கள்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஊதாரித்தனம் என்று நான் நினைக்கவில்லை. பயம்தான். கடைசிப் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோன கல்யாணத்தைச் சொந்தபந்தம் பத்து வருடம் பேசும். கான்ட்ராக்டருக்கோ அதைவிடப் பெரிய பயம், பத்தாமல் போனது என்று ஒரு தடவை பெயர் கெட்டால் அந்த ஊரில் அடுத்த ஆர்டர் கிடையாது. ஆக இருவரும் சேர்ந்து மானத்தைக் காப்பாற்ற 80 கிலோ சோற்றைப் பலி கொடுக்கிறார்கள். வீணாக்கியவரை யாராவது பத்து வருடம் பேசுகிறார்களா? இல்லை. ‘இலை நிறைய வெச்சாங்க’ என்று பாராட்டுகிறார்கள். இந்தப் பாராட்டை நாம் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உணவகங்களிலும் இதே பயத்துக்கு வேறு உருவம். நாலு பேர் போய் எட்டு வகை ஆர்டர் செய்வது, விருந்தாளி எதிரே கணக்காக ஆர்டர் செய்தால் கஞ்சன் என்று நினைப்பாரே என்பதற்காக. கொடுத்த காசுக்கு மேல் எடுக்கவேண்டும் என்று பஃபேயில் தட்டைக் குவிப்பது, ஆறிய பிறகு அதைத் தள்ளிவைப்பது. பார்சல் வாங்கினால் கூட வரும் நாலு சட்னி, இரண்டு சாம்பார்ப் பொட்டலங்களை முடிச்சுகூட அவிழ்க்காமல் குப்பையில் போடுவது. ஒன்றை வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள், மிச்சத்தைக் கட்டித் தரக் கேளுங்கள், வேண்டாத பொட்டலத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். இதற்கு மேல் அங்கே சொல்ல ஒன்றுமில்லை. தனிமனிதர் நினைத்தால் அன்றைக்கே திருந்திவிடக் கூடிய விஷயம். கல்யாணம் அப்படியல்ல.

எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இரண்டு எண்கள் மட்டும். பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் அந்த நகரத்தின் கல்யாண மண்டபங்களை ஆராய்ந்து, கல்யாணங்களில் மட்டும் ஓராண்டில் 943 டன் நல்ல உணவு வீணாவதாகக் கணக்கிட்டது. உலக அளவில் 2022இல் 105 கோடி டன் உணவு வீணானது, மக்களின் கைக்கு எட்டிய உணவில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது.

இப்போது நேர்மையாக எழுப்பப்படும் ஒரு கேள்விக்கு வருவோம். ‘நான் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டால் பசித்தவன் வயிறு நிறைந்துவிடுமா? அரசுக் கிடங்குகளில் அரிசி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. பசிக்குக் காரணம் என் இலையா?’ இந்தக் கேள்வியைக் கேட்பவரை நான் மதிக்கிறேன். பதில்: இல்லை, உங்கள் இலையில் கிடக்கும் பொரியலை நீங்கள் விழுங்குவதால் யாருடைய பசியும் ஆறாது. வயிறு நிறைந்த பிறகு இலையைக் காலி செய்வதற்காகத் திணித்துக்கொள்வதும் அறமல்ல, அது வேறொரு வீணடிப்பு. அந்தப் பொரியல் இலைக்கு வந்த நொடியிலேயே அது இன்னொருவருக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது. வழி திறந்திருந்தது எப்போது? அந்த 57,000 ரூபாய் உங்கள் கையில் இருந்தபோது.

நம் நாட்டில் பசி பெரும்பாலும் பொருள் இல்லாததால் வருவதல்ல, வாங்கக் காசில்லாததால் வருவது. தமிழ்நாட்டில் அது இன்னும் நுட்பமானது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு ரேஷனில் அரிசி இலவசம், ஆகவே சோறே இல்லாத வீடுகள் குறைந்துவிட்டன. ஆனால் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வைப் பாருங்கள். இந்த மாநிலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் வளர்கிறது. குழந்தைகளிலும் பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அதற்கு நோய்த்தொற்று, குடிநீர் என்று வேறு காரணங்களும் உண்டு, என்றாலும் தட்டில் இல்லாததும் ஒரு பெரிய காரணம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் காயில்லை, பருப்பு தண்ணீராக இருக்கிறது, தயிரும் நெய்யும் எட்டாத பொருள்.

நம் பந்தியில் எது முதலில் மிஞ்சுகிறது? காய் கூட்டு, பொரியல், பருப்பு, பச்சடி. ஏழை வீட்டுத் தட்டில் எது இல்லையோ, அதுவே நம் எச்சில் இலையில் அதிகம் கிடக்கிறது. அந்த இலையைச் சுருட்டி எடுக்கிற பெண் பெரும்பாலும் தினக்கூலிக்கு வந்தவர். அவர் வீட்டுக் குழந்தை அந்த நான்கில் ஒன்றாக இருக்கக் கூடும். அவர் சாப்பிட உட்காரும்போது மணி மூன்றரை ஆகியிருக்கும். உண்ணத் தகுந்த உணவைக் கொட்டுவது பாவமா என்று கேட்கிறவர்கள், கொட்டுகிற வேலையை நாம் யார் கையால் செய்விக்கிறோம் என்று பார்த்தாலே போதும். ஆம், தவறுதான். காசு உங்களுடையதாக இருக்கலாம். அந்தக் காசால் சந்தையிலிருந்து எடுத்துவந்த கத்தரிக்காயும் பருப்பும் நெய்யும் தின்பதற்காக விளைந்தவை. அவற்றைக் குப்பையாக்கும் உரிமையைக் காசு தந்துவிடாது.

‘மிஞ்சியதை ஆதரவற்றோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுகிறோமே’ என்பது அடுத்த சமாதானம். இந்தச் சமாதானத்துக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். காரணம் அறம் மட்டுமல்ல, கிருமியும்தான்.

அரிசியில் இயல்பாகவே பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். கொதிக்க வைத்தாலும் அவை சாவதில்லை. சோறு 60 டிகிரிக்குக் கீழே ஆறத் தொடங்கியதும் முளைத்துப் பெருகும், வெதுவெதுப்பான சூடு அவற்றுக்கு மிகவும் பிடிக்கும். பெரிய அண்டாவில் மூடி வைத்த சோற்றின் நடுப்பகுதி மணிக்கணக்காக அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. பெருகும்போது அவை உண்டாக்கும் ஒருவகை நச்சு வாந்தியை வரவழைக்கும், மறுபடி சூடு செய்தாலும் அது அழியாது. அதற்கு மணமும் கிடையாது, முகர்ந்து பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வது எதற்கும் உதவாது. பருப்பும் காயும் கெட்டியாகச் சேர்ந்த சாம்பாரில் வேறொரு பாக்டீரியா இதேபோலப் பெருகி வயிற்றைக் கெடுக்கும். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் அவியலும் அதற்கு முன்பே போய்விடும்.

காலை பத்து மணிக்கு வடித்த சோறு, மூன்று மணிக்குக் கடைசிப் பந்தி எழுந்த பிறகு, ‘யாருக்காவது குடுத்துடலாமே’ என்று யோசனை வந்து, வண்டி பிடித்து, ஐந்து மணிக்கு முதியோர் இல்லத்துக்குப் போய், ஏழரைக்கு எண்பது வயதுப் பாட்டியின் தட்டில் விழுகிறது. நம் வீட்டுக் குழந்தைக்கு இரவு எட்டு மணிக்கு அந்தச் சோற்றைப் போடுவோமா? போடமாட்டோம் என்றால் நாம் செய்தது தானமல்ல. குப்பைத்தொட்டிக்குப் பதில் ஏழையின் வயிற்றைப் பயன்படுத்தினோம்.

மாட்டுக்குப் போட்டால் புண்ணியம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். அரிசிச் சோறும் பாயசமும் அளவுக்கு மேல் போனால் மாட்டின் அசைபோடும் வயிற்றில் அமிலம் ஏறி வயிறு உப்பும், மாடு படுத்துவிடும், செத்தும் போகும். இலைக்குவியலோடு தாளும் பிளாஸ்டிக் கப்பும் சேர்ந்து உள்ளே போவது தனி.

மிச்ச உணவைப் பகிரவே கூடாது என்று சொல்லவில்லை. 2014இல் கோவையில் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்ற அமைப்புகள் அதை ஒழுங்காகச் செய்துவருகின்றன. உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2019இல் இதற்கென்றே விதிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. ஆனால் அதைச் செய்கிற முறை இருக்கிறது. அமைப்புக்கு முந்திய நாளே சொல்லிவைக்க வேண்டும். இரண்டாவது பந்தி எழும்போதே கூட்டம் தெரிந்துவிடும், ஆகவே எல்லாப் பந்தியும் முடியும்வரை காத்திருக்காமல், மிஞ்சப்போவதைப் பரிமாறும் வாளிக்குப் போகவிடாமல் கரண்டி படாத அண்டாவாக ஒதுக்கி ஆவி பறக்கும் சூட்டிலேயே அனுப்பவேண்டும். எத்தனை மணிக்கு வடித்தது என்று எழுதிக் கொடுக்கவேண்டும். தேங்காய், பால், தயிர் சேர்ந்தவற்றை அனுப்பக் கூடாது. சூடு தணிந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டதா, மனதைக் கல்லாக்கிக்கொண்டு உரக்குழிக்கு அனுப்புங்கள். நஷ்டம் உங்களோடு போகட்டும்.

இத்தனை பாடும் எதற்கு? மிஞ்சாமல் சமைக்க முடியாதா? முடியும், மாஸ்டர்களுக்கு அது நன்றாகவே தெரியும், யாரும் அவர்களிடம் கேட்பதில்லை. வேகாத அரிசி மளிகைக்கடைக்குத் திரும்பிப் போகும், வெந்த சோறு எங்கும் திரும்பாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். இன்றைக்கு மண்டபங்களில் ஸ்டீம் பாய்லர் இருக்கிறது, ஊறிய அரிசி ஒரு மணி நேரத்துக்குள் சோறாகிவிடும். 800 பேருக்கும் ஒரே உலை வைக்க எந்த அவசியமும் இல்லை. முதலில் 500 பேருக்கு வடியுங்கள். காலை டிபனுக்கு எத்தனை இலை விழுந்தது, முகூர்த்த நேரத்தில் மண்டபத்தில் எத்தனை நாற்காலி நிறைந்தது என்று பார்த்துவிட்டு அடுத்த உலைக்கு அரிசியை அளக்கச் சொல்லுங்கள். கூடுதல் பருப்பை வேகவைக்காமல் அளந்து தயாராக வைத்திருங்கள். அப்படியும் கடைசிப் பந்தியில் நூறு பேர் எதிர்பாராமல் வந்தால் சூடான சோறு, ரசம், அப்பளம், ஒரு பொரியல். ‘இப்பத்தான் வடிச்சது, உட்காருங்க’ என்று வீட்டுக்காரரே வந்து பரிமாறினால் எந்தச் சொந்தக்காரர் கோபித்துக்கொள்வார்? கோபித்தால் கோபிக்கட்டும்.

ஒப்பந்தத்தையும் மாற்றிப் பேசவேண்டும். குறைந்தபட்ச இலைக் கணக்கை எண்ணூறில் கட்டாமல் ஐந்நூறில் கட்டுங்கள், அதற்கு மேல் விழும் இலைக்குச் சற்றுக் கூடுதல் விலை தருகிறேன் என்று சொல்லுங்கள். வராதவருக்குத் தண்டம் அழுவதைவிட வந்தவருக்கு இலைக்கு இருபது ரூபாய் அதிகம் கொடுப்பது லாபம்தான். வகைகளை இருபத்தைந்திலிருந்து பதினான்காகக் குறையுங்கள், இரண்டு இனிப்புக்குப் பதில் ஒன்றே ஒன்று, அது நல்ல நெய்யில். கலவை சாதத்தையும் உருளைக்கிழங்கு ரோஸ்ட்டையும் முன்கூட்டி இலையில் வைக்காமல் ஆள் உட்கார்ந்தபின் கேட்டுப் போடச் சொல்லுங்கள். பந்தி ஐந்து நிமிடம் தாமதமாகும், ஆகட்டும். குழந்தைகளுக்கு அரை இலையும் சிறு கரண்டியும் தனி வரிசையும் வைக்கலாம். உறவினர்களுக்கு நான்கு நாள் முன்பு போன் போட்டு, ‘மாமா, முகூர்த்தச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் இருப்பீங்க, இலைக் கணக்குச் சொல்லணும்’ என்று கேளுங்கள். மாமாவுக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

விருந்துக்குப் போகிறவர்களுக்கு வேலை சின்னது. வர முடியாதென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். உட்கார்ந்த உடனேயே, கை வைப்பதற்கு முன், வேண்டாததை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், தொடாத வடையும் இனிப்பும் அப்பாவுக்குக் கட்டிக்கொண்டுபோகக் கூச்சப்படாதீர்கள். கரண்டி நீளும்போது இலைக்கு மேல் கையை மறித்துக் காட்டுங்கள். பரிமாறுகிற பையன் பெரும்பாலும் கல்லூரிச் செலவுக்காக வந்தவன், வேகமாகப் போடச்சொல்லி அவனுக்கு உத்தரவு. நீங்கள் தடுத்தால்தான் நிற்பான்.

ஏழைக்குக் கொடுக்கவேண்டும் என்ற ஆசை உண்மையானது என்றால் கடைசிப் பந்தியின் மிச்சத்தைக் கொடுக்காதீர்கள், முதல் உலையைக் கொடுங்கள். நம் கணக்கில் வராத 190 பேருக்காக அழுத 57,000 ரூபாய்க்கு ஓர் இல்லத்தில் நூறு பேருக்குச் சுடச்சுட இலை போட்டு விருந்து வைத்தாலும் ஏறக்குறைய பாதிப் பணம் மிஞ்சும். மணமக்கள் பெயரைச் சொல்லி, அதே மாஸ்டர் கையால், அதே சாம்பார், அதே பாயசம், பகல் பன்னிரண்டு மணிக்கு. மண்டபத்தில் இலை எடுப்பவர்களையும் பாத்திரம் தேய்ப்பவர்களையும் இரண்டாவது பந்தியிலேயே உட்கார வையுங்கள். எல்லாம் ஆறிய பிறகு அவர்களைக் கூப்பிடாதீர்கள்.

வருகிற தையில் கல்யாணம் வைத்திருப்பவர்களே, கான்ட்ராக்டருக்கு முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுப்பதற்கு முன் அவரிடம் மூன்று விஷயம் பேசிவிடுங்கள்: குறைந்தபட்ச இலை எத்தனை, உலை எத்தனை தடவையாக வைப்பார், முதல் அண்டா எந்த இல்லத்துக்குப் போகிறது. முன்பணம் கொடுத்துவிட்டவர்கள் இன்றைக்கே போன் செய்யுங்கள், அரிசி இன்னும் மூட்டையில்தான் இருக்கிறது.